நோயுற்ற நண்பரோடு ஜெபித்தல்: சொல்லத்தக்கதும் தவிர்க்கத்தக்கதும்

மருத்துவமனைக்குச் செல்லும் ஆயரிடம் நோயாளி சில நிமிடங்களுக்குள் "ஜெபம் பண்ணுங்கள், ஐயா" என்று கேட்பதுண்டு. இவ்வேண்டுகோளுக்கு இரு பொருள்கள் இருக்கலாம். ஒன்று, உள்ளபடியே ஜெபத்தை நாடுதல். மற்றொன்று, உரையாடலை மரியாதையுடன் முடித்துவைத்தல். ஆயரை எழுந்து போகச் சொல்ல நம் மக்களுக்கு நா எழாது. ஜெபம் முடிந்தால் அவர் புறப்பட்டுவிடுவார் என்பதை யாவரும் அறிவர். ஆயரும் பேச வகையறியாத வேளையில் "ஜெபிப்போமா?" என்று எழுந்துவிடுகிறார். இவ்விதமாக ஜெபம் இருவருக்கும் வெளியேறும் வாயிலாகிவிடுகிறது. நோயாளி நம் நண்பராயிருப்பின் இவ்வாபத்து மிகுதி. அவருடைய அச்சம் நம்மையும் தொற்றிக்கொள்வதால் அதனின்று விரைவில் விலக விழைகிறோம்.

நோயாளி அந்தச் சந்திப்பில் நம்மிடம் கூறியவற்றையே ஜெபத்தில் கடவுள்முன் எடுத்துச்செல்ல வேண்டும் என்பதே இங்கு நாம் விளக்க விரும்புவது. அவ்வாறாயின், ஜெபத்துக்கு முன் நடைபெறும் உரையாடலே ஜெபத்துக்கான ஆயத்தமாகும். கேபட் என்னும் மருத்துவரும் டிக்ஸ் என்னும் போதகரும் நோயாளரிடையே ஆற்றும் பணியைப் பற்றி 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சந்திப்பு முடிந்தபின் உரையாடலை எழுதிப்பார்க்கும் பழக்கத்தை வற்புறுத்தினர். அம்முறையைப் பின்பற்றி, பயிற்சிக்கென அமைத்த ஓர் உரையாடலை ஆராய்வோம்.

நோயாளி ஐம்பத்திரண்டு வயதான பள்ளி ஆசிரியர். ஆயரோடு ஒரே வகுப்பில் படித்தவர். வயிற்றுவலிக்காகச் சேர்க்கப்பட்டு, சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. இன்று செவ்வாய்க்கிழமை. மனைவி காப்பி வாங்கிவரச் சென்றிருக்கிறார். முதலில், பெரும்பாலும் நடைபெறுவது எதுவெனக் காண்போம்.

ஆயர்: உன்னைப் பார்த்தால் நோயாளி போலவே தெரியவில்லையே!
நண்பர்: சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை முடிவு வரும்.
ஆயர்: ஒன்றும் இருக்காது. என் மைத்துனருக்கும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள், இன்று நன்றாயிருக்கிறார். விசுவாசத்தோடு இரு.
நண்பர்: ஆம். (மௌனம்) சபையில் எல்லாரும் சுகமா?
ஆயர்: சுகம். ஆலயக் கூரை வேலை நடக்கிறது.
நண்பர்: நல்லது. ஜெபம் பண்ணு.

ஆயரின் சொற்கள் யாவும் அன்பினால் எழுந்தவையே. எனினும், நண்பர் வியாழக்கிழமையைப் பற்றிப் பேச வாய் திறந்தார். ஆயர் அதை அடைத்துவிட்டார். "ஒன்றும் இருக்காது" என்று சொல்ல ஆயருக்கு ஆதாரம் எதுவுமில்லை. மைத்துனரின் கதை வேறொருவருடைய நோயைப் பற்றியது. "விசுவாசத்தோடு இரு" என்பதோ, அஞ்சுவதே அவிசுவாசம் என்று நண்பரின் காதில் விழுகிறது. உரையாடல் கைதவறிய இடத்தையும் நாம் இதில் கண்டுகொள்ளலாம்: நோயாளி தம்மைவிட்டுச் சபையின் நலத்தை விசாரிக்கத் தொடங்கும்போது, தம் காரியத்தை இவரிடம் பேச இயலாது என்று முடிவுசெய்துவிட்டார். இதற்குப்பின் ஏறெடுக்கும் ஜெபத்தில் பொதுவான சொற்களைத் தவிர வேறொன்றும் இருக்க வழியில்லை.

இனி அதே சந்திப்பை வேறுவிதமாக நடத்துவோம். ஆயர் முதலில் செவிலியரிடம் அனுமதி கேட்கிறார். கைகளைக் கழுவிக்கொண்டு, நண்பர் தலையைத் திருப்பாமலே காணக்கூடிய இடத்தில் நாற்காலியை இட்டு அமர்கிறார். கட்டிலின்மேல் உட்காரவில்லை. அடுத்த கட்டிலுக்குக் கேளாதபடி தாழ்ந்த குரலில் பேசுகிறார்.

ஆயர்: இன்றையப் பொழுது எப்படிப் போயிற்று?
நண்பர்: பகல் எப்படியோ போய்விடுகிறது.
ஆயர்: இரவு?
நண்பர்: தூக்கமில்லை. வியாழக்கிழமை முடிவு வருகிறது.
ஆயர்: அதை நினைத்தே விழித்திருக்கிறாய்.
நண்பர்: ஆம். புற்றாக இருந்துவிட்டால்? அவளிடம் நான் இதைப் பேசவில்லை. சின்னவள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். (மௌனம்) நான் என்ன பாவம் செய்தேன்?
ஆயர்: (சற்றுப் பொறுத்து) குறிப்பாக ஏதேனும் உன் மனத்தை உறுத்துகிறதா?
நண்பர்: அப்படி ஒன்றுமில்லை. இரவில் அவ்வாறு தோன்றுகிறது.
ஆயர்: இது கடவுள் உனக்கு விதித்த தண்டனை என்று நான் நம்பவில்லை. ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியாது.
(நண்பர் கண்கலங்குகிறார். ஆயர் பேசாமல் அவர் கையைப் பற்றிக்கொள்கிறார்.)
ஆயர்: எதைக் கேட்டு ஜெபிக்கட்டும்?
நண்பர்: சுகம் கிடைக்கவேண்டும். இன்றிரவு தூங்கவேண்டும். பிள்ளையை நினைத்துக்கொள்.

இங்கு ஆயர் பேசியது சொற்பமே. நண்பர் பயன்படுத்திய சொல்லையே பற்றிக்கொண்டு அடுத்த படிக்குச் சென்றார். "என்ன பாவம் செய்தேன்?" என்ற வினாவை அவர் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. அவ்வினா சிலரிடத்தில் பாவ அறிக்கையின் தொடக்கம். அவர்களுக்குச் செவிகொடுத்து, மன்னிப்பின் நற்செய்தியை அறிவிக்க வேண்டும். வேறு சிலரிடத்தில் அது சங்கீதங்களில் நாம் காணும் புலம்பல் போன்றது. எதுவென அறியாமல் விடையளித்தல் தவறாகும். ஆகவே ஆயர் கேட்டறிந்தார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும்பகலும் வாய் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததையும், துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபின் இறுதியில் கடவுளின் சினத்துக்கு ஆளானதையும் இவ்விடத்தில் நினைவுகூர்வது நன்று. எதற்காக ஜெபிப்பது என்ற வினாவுக்கோ நம் ஆண்டவரே முன்மாதிரி. கண் தெரியாத பர்திமேயுவிடமும் அவன் விரும்புவது யாதென அவர் கேட்டாரன்றோ?

இதற்குள் மனைவி திரும்பிவிடுகிறார். இப்போது ஜெபம் மூவர் நடுவே ஏறெடுக்கப்படுகிறது. நண்பர் தனிமையில் கூறியதை ஜெபத்தின் வாயிலாக வெளிப்படுத்துவதும் இரகசியத்தை மீறுவதே. ஆகையால் ஆயர் பின்வருமாறு ஜெபிக்கிறார்:

"ஆண்டவரே, என் நண்பன் சுகம்பெற விரும்புகிறான், அவ்விருப்பத்தை உம்முன் வைக்கிறோம். வியாழக்கிழமைவரை காத்திருப்பது கடினமாயிருக்கிறது. இன்றிரவு இவனுக்கு நித்திரை தாரும். தூக்கம் வராவிடில், இரவில் எழும் கேள்விகளை நீர் கேட்டருளும். இவன் மனைவியையும் மகளையும் உம் கரத்தில் ஒப்புவிக்கிறோம். இயேசுவின் நாமத்தில், ஆமேன்."

இந்த ஜெபத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. புற்று, பாவம் என்ற சொற்கள் இதில் இல்லை. ஆயினும், "இரவில் எழும் கேள்விகள்" என்றதும் நண்பர் தம் அச்சம் கடவுள்முன் வைக்கப்பட்டதை உணர்வார். மனைவிக்கு அது திகைப்பூட்டாது. சுகத்துக்கான ஆசை ஆசையாகவே கூறப்படுகிறது. முடிவு நல்லதாகவே வரும் என்ற உறுதியை ஆயர் கடவுளின் பெயரால் அளித்துவிடவில்லை.

ஆமேன் சொன்னவுடன் எழுந்துவிடலாகாது. ஜெபத்துக்குப்பின் நோயாளி சொல்லவந்தது வெளிப்படுவதுண்டு. ஓரிரு நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். ஆயினும் சந்திப்பு முழுவதும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்குவது நலம். அவர் கண்களை மூடிக்கொள்வதும், விடைகள் ஒரு சொல்லாகச் சுருங்குவதும் களைப்பின் அறிகுறிகள். திருவிருந்து கொடுக்கவேண்டுமாயின், நோயாளி எதையும் உட்கொள்ளலாகாத நிலையிலுள்ளாரா என்று செவிலியரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். ஆயருக்கே காய்ச்சலோ சளியோ இருப்பின், அன்று போகாமலிருப்பதே அன்பு.

விடைபெறும்போது "மறுபடியும் வருகிறேன்" என்று பொதுவாகச் சொல்லுதல் போதாது. "வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருவேன்" என்று கூறி, அவ்வாறே வரவேண்டும். அன்று அறிக்கையில் புற்று என்றே எழுதியிருந்தாலும், செவ்வாய்க்கிழமை ஏறெடுத்த ஜெபத்தில் திரும்பப் பெறவேண்டிய சொல் ஒன்றும் இராது. ஆயர் அதே நாற்காலியில் அமர்ந்து, "இன்றையப் பொழுது எப்படிப் போயிற்று?" என்று மீண்டும் கேட்க இயலும்.