காகிதத்தில் லாபம், கணக்கில் நஷ்டம்: பேக்டெஸ்ட் மறந்துவிடும் கட்டணங்கள்

பங்குச்சந்தையில் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கும் இன்ட்ராடே வர்த்தகர்களைப் பற்றி செபி 2024 ஜூலையில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு நஷ்டம் என்ற தகவல்தான் பரவலாகப் பேசப்பட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டிய எண் ஒன்றும் அதில் இருந்தது. நஷ்டப்பட்டவர்கள், விலையில் இழந்தது போக, அந்த இழப்பில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கட்டணங்களாகவும் செலுத்தியிருந்தார்கள்.

இவர்களில் யாருமே கணக்குப் போடாமல் இறங்கியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இன்று ஓரளவு கணினி தெரிந்தவர்கள் தங்கள் ஸ்ட்ராட்டஜியைப் பழைய விலைகளின் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் போடுகிறார்கள். அதற்குப் பெயர்தான் பேக்டெஸ்ட். வாங்கிய விலை, விற்ற விலை, எண்ணிக்கை ஆகிய மூன்றும் அதில் துல்லியமாக இருக்கும். கட்டணம் மட்டும் ஒன்று பூஜ்யமாக இருக்கும், அல்லது "ஏதோ 0.05 சதவீதம்" என்று உத்தேசமாகப் போடப்பட்டிருக்கும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே ஒரு வர்த்தகத்தை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். என்.எஸ்.இ.யில் 500 ரூபாய் விலையில் 200 பங்குகளை வாங்கி, அன்றே 501 ரூபாய்க்கு விற்றாயிற்று. பேக்டெஸ்ட் காட்டும் லாபம் 200 ரூபாய். குறைந்த கட்டணத் தரகர்கள் பலர் இன்ட்ராடேவுக்கு ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் அல்லது 0.03 சதவீதம், இதில் எது குறைவோ அதை வாங்குகிறார்கள். இங்கே ஒரு லட்சம் ரூபாய்க்கு 0.03 சதவீதம் என்பது 30 ரூபாய். எனவே வாங்க 20, விற்க 20 என்று தரகு 40 ரூபாய் ஆகிறது. பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி. இன்ட்ராடேவில் விற்கும்போது மட்டும்தான். அது 0.025 சதவீதம், ரூபாய்க்கு முழுமையாக்கினால் 25 ரூபாய். முத்திரைத் தீர்வை வாங்கும்போது மட்டும், 0.003 சதவீதம், அதாவது 3 ரூபாய். சந்தைக் கட்டணம் இரு பக்கமும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் அமலான விகிதப்படி லட்சத்துக்கு 2.97 ரூபாய் என்றால், மொத்தம் 5.95. செபி கட்டணம் கோடிக்கு 10 ரூபாய், நமக்கு 20 காசு. தரகு, சந்தைக் கட்டணம், செபி கட்டணம் ஆகிய மூன்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 8.31 ரூபாய். எஸ்.டி.டி.க்கும் முத்திரைத் தீர்வைக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது.

எல்லாம் சேர்த்து 82.46 ரூபாய். கையில் நிற்பது 117.54 மட்டுமே.

இதே அளவில் வருடத்துக்கு 400 வர்த்தகம் செய்யும் ஒரு ஸ்ட்ராட்டஜி, ஒவ்வொன்றிலும் சராசரியாக 70 ரூபாய் சம்பாதிக்கிறது என்று வையுங்கள். பேக்டெஸ்ட் 28,000 ரூபாய் லாபம் என்று பெருமையாகக் காட்டும். கட்டணமோ ஏறக்குறைய 33,000 ரூபாய். விலை போகும் திசையைச் சரியாகக் கணித்தும் அந்த மனிதர் வருட முடிவில் 5,000 ரூபாய் இழந்திருப்பார்.

சரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சதவீதமாகக் கழித்துவிட்டால் போதாதா? போதாது. மேலே உள்ள ஒரு லட்ச ரூபாய் வர்த்தகத்தில் செலவு சுமார் 0.082 சதவீதம். அதையே 20,000 ரூபாய்க்குச் செய்தால் தரகு பக்கத்துக்கு 6 ரூபாயாகக் குறைந்தாலும், மொத்தச் செலவு 0.106 சதவீதமாக ஏறுகிறது. பத்து லட்ச ரூபாய்க்குச் செய்தால் 0.04 சதவீதத்துக்கு இறங்குகிறது. 20 ரூபாய் உச்சவரம்புதான் இதற்குக் காரணம். சிறு முதலீட்டில் சோதிப்பவருக்கு ஒரே சதவீதம் செலவைக் குறைத்துக் காட்டும், பெரிய முதலீட்டில் கூட்டிக் காட்டும். எனவே எக்செல் தாளாக இருந்தாலும் தரகை ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாகவே கணக்கிட வேண்டும். ஆர்டரின் மதிப்பு B2 கட்டத்தில் இருந்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=MIN(20, B2*0.0003)
```

இங்கே ஆர்டர் என்ற அலகைப் பிடித்துக்கொள்வது முக்கியம். 200 பங்குக்கு ஒரே ஆர்டர் போட்டு, அது சந்தையில் ஐந்து துண்டுகளாக நிறைவேறினாலும் தரகு 20 ரூபாய்தான். துண்டுகளை எண்ணும் நிரல் செலவை ஊதிக் காட்டும். மாறாக, 50 பங்குகள் வீதம் நான்கு ஆர்டர்களாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 7.50 வீதம் 30 ரூபாய். வாங்க, விற்க இரண்டையும் அப்படிப் பிரித்தால், ஜி.எஸ்.டி.யோடு சுமார் 23.60 ரூபாய் கூடுதலாகப் போகும். "கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம்" என்று ஸ்ட்ராட்டஜியில் ஒரு வரி சேர்ப்பவர்கள் இந்த விலையைப் பார்ப்பதே இல்லை.

விகிதங்கள் நிலையாக இருப்பதும் இல்லை. ஆப்ஷன் விற்பனைக்கான எஸ்.டி.டி. 2024 அக்டோபர் 1 அன்று பிரீமியத்தில் 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமானது. பியூச்சர்ஸுக்கு 0.0125 என்பது 0.02 ஆனது. அதே நாளில் சந்தைக் கட்டணத்தின் படிநிலை முறையும் போய், எல்லாத் தரகர்களுக்கும் ஒரே விகிதம் வந்தது. ஆகவே இரண்டு அட்டவணைகள் தேவை. பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க, அந்தந்தத் தேதியில் இருந்த விகிதம். இந்த ஸ்ட்ராட்டஜி இனிமேல் தாங்குமா என்று பார்க்க, பத்து வருடப் பழைய வர்த்தகங்களுக்கும் இன்றைய விகிதம். இரண்டாவதில் தோற்பதைக் கைவிடுவதே நல்லது.

மாதிரி சரியா என்பதற்குச் சாட்சி, தரகர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட். வர்த்தகம் நடந்து 24 மணி நேரத்துக்குள் அது மின்னஞ்சலில் வந்துவிட வேண்டும். அதில் ஒவ்வொரு கட்டணமும் தனி வரியில் இருக்கும், நம் கணக்கையும் அப்படியே வரி வரியாக வைத்து ஒப்பிட வேண்டும். தரகு வரி ஒத்துப்போகவில்லையானால் ஆர்டர் எண்ணிக்கையில் தவறு. சந்தைக் கட்டணம் ஒரே விகிதத்தில் விலகினால் பழைய விகிதம் புகுந்திருக்கிறது. எஸ்.டி.டி. சரியாக இரு மடங்கானால், வாங்கும் பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறோம். முழு ரூபாயாக்குவதால் வரும் சில காசு வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடலாம்.

கட்டணங்கள் காசு வரை பொருந்திய பிறகும் உண்மை லாபம் பேக்டெஸ்டைவிடக் குறைந்தால், பிரச்சினை விலையில் இருக்கிறது. 500 ரூபாய்க்கு வாங்கியதாக நிரல் எண்ணியது, நிஜத்தில் 500.15-க்குக் கிடைத்திருக்கும். ஸ்லிப்பேஜ் எனப்படும் இதை உத்தேசமாகத்தான் மதிப்பிட முடியும். அதனால்தான் இதைக் கட்டணத்தோடு கலந்து ஒரே எண்ணாகப் போடக் கூடாது. கலந்துவிட்டால் தெரிந்த செலவில் செய்த தவறு, தெரியாத செலவின் பெயரில் ஒளிந்துகொள்ளும்.

வருமான வரி ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் வருவதில்லை, வருட முடிவில் மொத்த வருமானத்தோடு சேர்வது. அதைப் பேக்டெஸ்டுக்கு வெளியே தனியாகக் கணக்கிட்டால் போதும்.

உங்களிடம் ஒரு ஸ்ட்ராட்டஜி இருந்தால், புதிய விதி எதையும் அதில் சேர்க்கும் முன், கடைசியாக வந்த கான்ட்ராக்ட் நோட்டை எடுத்து, அந்த நாளின் கட்டணங்களை உங்கள் நிரலைக் கொண்டு கணக்கிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் வரை, நிரல் காட்டும் லாபத்தை நம்பிப் பணம் போடாதீர்கள்.