மாகாளிக் கிழங்கு: மணமும் போகக்கூடாது, பூஞ்சையும் பிடிக்கக்கூடாது... எப்படி காயவைக்கணும்?

திருப்பதி சேஷாசல மலைக்காடுகளில் விளையும் மாகாளிக் கிழங்கு, நன்னாரி போலவே மணக்கும் வேர். ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் பயன்படும் இதைக் காயவைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மணம் தரும் எண்ணெய் ஆவியாகக்கூடியது. கொளுத்தும் வெயிலில் போட்டால் மணம் குறையும். முழுசா நிழலில் போட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

என்ன செய்யலாம்? மண் போகக் கழுவி, நடுவில் இருக்கும் நார்த்தண்டை எடுத்துடுங்க. சதையை மெல்லிசா நறுக்கி, துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்க. இலை, பூவுக்கும் நிழல்தான் நல்லது. இலை கையில் நொறுங்கணும், வேர் வளையாமல் 'பட்'டென்று ஒடியணும்.

சித்தூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றே ஈரமாக இருப்பதால், எடை குறைவது நின்றாலும் வேர் முழுசா காய்ந்திருக்காது. அதே ஈரக்காற்றை மின்விசிறியால் வீசினாலும் பயனில்லை; மிதமான சூட்டில் இன்னும் காயவிடுங்க.

சந்தேகமா? கொஞ்சம் துண்டுகளைக் கண்ணாடி பாட்டிலில் மூடி ஒருநாள் வையுங்க. உள்ளே நீர் வேர்த்தால் மறுபடி காயவைக்கணும். நன்கு காய்ந்ததை, சூடு ஆறியபிறகு காற்றுப்புகாத டப்பாவில் இருட்டான இடத்தில் வையுங்க.

பூஞ்சை தெரிந்தால் துடைத்துப் பயன்படுத்தாதீங்க. சில பூஞ்சைகளின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. மொத்தமாகக் கொட்டிவிடுவதே பாதுகாப்பு.