கீழ்வீட்டில் கோல் விழுந்த பிறகு

2022 டிசம்பர் 18, கத்தார் உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். நான் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டில் டிவி ஓடியது. 80-வது நிமிடத்தில் எம்பாப்பே பெனால்டியில் ஒரு கோல் போட்டார். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து மறுபடியும் ஒரு கூச்சல். என் திரையிலோ அர்ஜென்டினா நடுக்களத்தில் நிதானமாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கோல் விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டு அதற்காகக் காத்திருந்தேன். அரை நிமிடம் கழித்து என் கைபேசியிலும் வந்தது.

எனக்கு அன்று போனது அந்த நொடியின் சுவாரசியம் மட்டும்தான். ஆனால் ஆட்டம் நடக்கும்போதே பணம் கட்டும் ‘இன்-ப்ளே’ பந்தயத்தில் இந்த அரை நிமிடத்தின் விலை மிகப் பெரியது. எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஆட்ஸ் என்பது ஒரு வாய்ப்பின் விலை. ஆட்ஸ் 4 என்றால், 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் கட்டிய பணத்தையும் சேர்த்து 400 திரும்பி வரும். லாபம் வைக்காத ஒருவர் நாலில் ஒரு முறை நடக்கக்கூடிய விஷயத்துக்கு இந்த விலையைத்தான் சொல்வார். ஒன்றை வாய்ப்பால் வகுத்தால் ஆட்ஸ் வந்துவிடும்.

சம பலமுள்ள இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.7 கோல் என்பது நியாயமான மதிப்பீடு; அணிக்கு 1.35 கோல். கோல்கள் ஆட்டம் முழுக்க ஏறக்குறைய சீராகத் தூவப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவதற்கு ‘பாய்சான்’ முறை என்று பெயர். ஆட்டம் தொடங்கும்போது டிரா ஆக 26 சதவீத வாய்ப்பு இருப்பதாக இந்தக் கணக்கு சொல்கிறது. அதாவது ஆட்ஸ் 3.87.

இனி கோலே விழவில்லை, கடிகாரம் மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-வது நிமிடத்தில் கோலுக்கு மீதமிருப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். டிராவின் வாய்ப்பு 49 சதவீதமாகிறது, ஆட்ஸ் 2.03-க்கு இறங்குகிறது. 80-வது நிமிடத்தில் வாய்ப்பு 76 சதவீதம், ஆட்ஸ் 1.32. களத்தில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் திரையில் எண்கள் ஊர்ந்துகொண்டே இருப்பது இதனால்தான். ஐஸ் கட்டி கரைவதுபோல் ஜெயிக்கும் வாய்ப்பு இரண்டு அணிகளுக்கும் கரைகிறது. 80-வது நிமிடத்தில் ஒவ்வோர் அணிக்கும் மிஞ்சியிருப்பது 12 சதவீதம். ஆட்ஸ் 8.25.

நிறுவனங்களின் கணக்கு இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. கடைசிக் கட்டத்தில் கோல் அதிகம் விழுவது, சிவப்பு அட்டை, காயங்களுக்காகக் கூட்டும் நிமிடங்கள் எல்லாம் அதில் சேரும். அதோடு அவர்கள் லாபத்தையும் வைப்பார்கள். 1.32, 8.25, 8.25 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1.25, 7, 7 என்று போடலாம். இந்த மூன்று விலைகளையும் வாய்ப்புகளாக மாற்றிக் கூட்டினால் 100 வராது, கிட்டத்தட்ட 109 வரும். அந்தக் கூடுதலில்தான் நிறுவனத்தின் லாபம் இருக்கிறது.

இப்போது 80-வது நிமிடத்தில் ஓர் அணி கோல் போடுகிறது. அதன் வெற்றி வாய்ப்பு 12-லிருந்து ஒரே நொடியில் 88 சதவீதத்துக்குத் தாவுகிறது. நியாயமான ஆட்ஸ் 8.25-லிருந்து 1.14-க்கு விழுகிறது. எண்பது நிமிடம் ஊர்ந்த விலை பந்து வலையைத் தொட்ட கணத்தில் செங்குத்தாகச் சரிகிறது.

கோலைக் கண்ணால் பார்த்த ஒருவருக்கு, நிறுவனம் விலையை மாற்றுவதற்குள் 5 நொடி கிடைக்கிறது என்று வையுங்கள். லாபம் வைத்த விலையான 7-க்கே அவர் 100 பவுண்டு கட்டுகிறார். ஜெயித்தால் 700 வரும். அதற்கு வாய்ப்பு 88 சதவீதம். அவர் கட்டிய 100 பவுண்டின் மதிப்பு சராசரியாக 616. ஆட்டத்தைக் கணிக்கும் திறமை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஐந்து நொடி முன்னால் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த நொடிகள் எங்கே தொலைகின்றன? செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் சமிக்ஞை அங்கே போய்த் திரும்பக் கால் நொடிதான் ஆகிறது. நேரத்தைத் தின்பது படத்தைச் சுருக்குவதும் சேமித்து வைப்பதும்தான். இணைய ஒளிபரப்பு பெரும்பாலும் படத்தை ஆறு நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. நடுவில் தடைபடாமல் இருக்க, கைபேசி இரண்டு மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். இப்படியே அரை நிமிடம் போய்விடும். பந்தய நிறுவனங்கள் இந்தப் படத்தை நம்புவதில்லை. மைதானத்திலேயே உட்கார்ந்திருக்கும் பதிவாளர் ஒவ்வொரு நிகழ்வையும் பொத்தானை அழுத்தி அனுப்புகிறார். அது சில நொடிகளில் போய்ச் சேர்கிறது. இங்கிலாந்து கால்பந்தில் இந்தத் தகவலை விற்கும் உரிமைக்கே தனிச் சந்தை உண்டு.

பதிவாளர் கோல் விழும்வரை காத்திருக்க மாட்டார். பந்து பெனால்டிப் பகுதிக்குள் ஆபத்தாக நுழைந்தாலே ஒரு பொத்தான். சந்தை உடனே மூடப்படும். அதையும் மீறி யாரும் நுழையாமல் இருக்க, நீங்கள் கட்டும் பந்தயத்தைச் சில நொடி நிறுத்தி வைத்துத்தான் ஏற்பார்கள். அதற்குள் விலை தாவினால் பந்தயம் நிராகரிக்கப்படும்.

வீட்டில் உட்கார்ந்து பணம் கட்டுபவருக்கு இது என்ன செய்கிறது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் திரையில் தன் அணி பாய்ந்து முன்னேறுகிறது. ஆட்ஸ் இன்னும் 7-லேயே நிற்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று நினைத்துக் கட்டுகிறார், பந்தயமும் ஏற்கப்படுகிறது. ஆனால் அந்தத் தாக்குதல் மைதானத்தில் எப்போதோ முடிந்து, பந்து எதிரணியின் கோல்கீப்பர் கையில் இருக்கிறது. தாக்குதல் கோலில் முடிந்திருந்தால் அந்த விலையில் அவரை உள்ளே விட்டிருக்கவே மாட்டார்கள். அவருக்கு உற்சாகம் தரும் காட்சிகளில் வீணாய்ப்போனவை மட்டுமே வாங்கக் கிடைக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஸ்கோர் காட்டும் செயலியின் ஆட்டக் கடிகாரத்தையும் திரையில் தெரியும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 79:40, இங்கே 79:05 என்றால் நீங்கள் 35 நொடி பின்னால் இருக்கிறீர்கள். உங்கள் திரையில் ஆட்டம் சாதாரணமாக ஓடும்போது சந்தை திடீரென்று மூடினால், உங்களுக்கு இன்னும் வராத ஏதோ ஒன்று அங்கே நடந்திருக்கிறது.

முன்னால் அறிவதற்கே ஒரு தொழில் உருவாகிவிட்டது. டென்னிஸில் அதை ‘கோர்ட்சைடிங்’ என்பார்கள். 2014 ஆஸ்திரேலிய ஓப்பனில் பார்வையாளராக வந்த 22 வயது பிரிட்டிஷ் இளைஞர் ஒருவரை மெல்போர்ன் போலீஸ் கைது செய்தது. கால்சட்டைக்குள் தைத்த கருவியால் புள்ளிகளை உடனுக்குடன் அனுப்பினார் என்றது போலீஸ். பிறகு வழக்கு கைவிடப்பட்டது. இதைவிட மோசமானது 2016-ல் வெளிவந்த செய்தி: சிறிய டென்னிஸ் போட்டிகளில் நடுவர்கள் சிலர், தங்கள் கருவியில் புள்ளியைப் பதிவதை ஒரு நிமிடம்வரை வேண்டுமென்றே தாமதித்து, கூட்டாளிகளைப் பணம் கட்டவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு. ஆட்டத்தில் அவர்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவில் ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் கள்ளச் சந்தை நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கும் இதே நொடிகள்தான் வேண்டும். 2021 ஐபிஎல்லில் இந்தியாவில் நடந்த ஆட்டங்கள் கொரோனாவால் பார்வையாளர் இல்லாமல் நடந்தன. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து தகவல் சொல்ல வழியில்லை. டெல்லி மைதானத்தில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் பந்துக்குப் பந்து தகவல் கொடுத்ததாகக் கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவுத் தலைவர் சொன்னார். விசாரிக்கப் போனபோது அந்த ஆள் தப்பி ஓடிவிட்டார். இரண்டு கைபேசிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.