உதவித்தொகைக்கு வரி இல்லை. டியூஷன் பணத்துக்குக் கணக்கு உண்டு

முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவருக்கு மாதம் 37,000 ரூபாய் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலையில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுப்பதற்கு மாதம் 15,000 ரூபாய். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில்தான் விழுகின்றன. ஆனால் வருமான வரிச் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 10(16), கல்விச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு முழு விலக்கு அளிக்கிறது. உச்சவரம்பு கிடையாது. மாதக் கடைசியில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் விலக்கு போய்விடாது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விலக்கு தொடர்கிறது.

ஆனால் 'ஃபெலோஷிப்', 'ஸ்டைபெண்ட்' என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. பணம் எதற்காகத் தரப்படுகிறது என்பதுதான் கேள்வி. படிப்பதற்கும் ஆய்வு செய்வதற்கும் என்றால் விலக்கு. ஒரு திட்டத்தில் வேலைக்கு அமர்த்தி, அந்த வேலைக்கு ஈடாகத் தந்தால் அது சம்பளம். நியமனக் கடிதத்தைப் படித்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். நிறுவனம் சம்பளத்துக்கான படிவம் 16 கொடுத்தால், அது இந்தத் தொகையைச் சம்பளமாகவே கணக்கு வைத்திருக்கிறது என்று பொருள்.

டியூஷன் பணத்துக்கு இந்த விலக்கு இல்லை. 2025-26 நிதியாண்டில் அந்த மாணவிக்கு டியூஷன் மூலம் வந்தது 1,80,000 ரூபாய். தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டியதால், சென்டர் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தது. ஆக 18,000 ரூபாய் அவர் பான் எண்ணில் வரித்துறைக்குப் போய்விட்டது. இதை 26AS அறிக்கையில் பார்க்கலாம்.

அவர் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? உதவித்தொகையான 4,44,000 ரூபாய் கணக்கில் சேராது. மீதி 1,80,000 ரூபாய், புதிய வரி முறையின் அடிப்படை விலக்கான 4 லட்சத்துக்குள் அடங்குகிறது. வரி பூஜ்யம். ஆனால் பிடித்த பணம் தானாக வீடு தேடி வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும். டியூஷன் பணத்தைத் தொழில் வருமானமாகவும், உதவித்தொகையை விலக்கு வருமானப் பகுதியில் 10(16)-இன் கீழும் காட்ட வேண்டும்.

இங்கே பலரும் சறுக்குவது, உதவித்தொகையைச் சம்பளப் பகுதியில் எழுதிவிடுவதில்தான். அப்போது நிலைக் கழிவுக்கு முந்தைய மொத்த வருமானம் 6,24,000 ரூபாயாகிவிடும். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி வராது. ஆனால் நிலைக் கழிவு தவிர வேறு சலுகை எதுவும் கோராமல் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு 28,392 ரூபாய் வரி விழும்.

வரிக் கணக்குக்கும் முன்னால் பார்க்க வேண்டியது உதவித்தொகையின் நிபந்தனைகள். பல ஃபெலோஷிப்கள் வெளி வேலையைத் தடுக்கின்றன. வரிச் சட்டம் டியூஷனைத் தடுக்காவிட்டாலும், உதவித்தொகையின் விதி தடுக்கலாம். சென்டரில் சேருவதற்கு முன்பே நெறியாளரிடமும் பல்கலைக்கழக அலுவலகத்திலும் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.