வெளுத்த முடிக்கு டோனர் என்ன செய்கிறது?

நம்முடைய கறுப்பு முடியைப் பிளீச் செய்தால் அது ஒரேயடியாக வெளுத்துவிடாது. முதலில் சிவப்பாகும், பிறகு ஆரஞ்சாகும், அதன்பின் மஞ்சளாகி, கடைசியில் வெளிர்மஞ்சளுக்கு வரும். முடிக்கு நிறம் தரும் மெலனினில் இரண்டு வகை உண்டு. கறுப்பும் பழுப்பும் தரும் வகை பிளீச்சில் சீக்கிரம் சிதைந்துவிடும். சிவப்பும் மஞ்சளும் தரும் வகை லேசில் போகாது. பார்லரில் பிளீச்சைக் கழுவியதும் கண்ணாடியில் தெரியும் செம்பட்டை நிறம் இப்படி எஞ்சியதுதான். அதைச் சரிசெய்யவே டோனர்.

வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது போன்ற வேலைதான் இது. நீலம் அழுக்கை எடுப்பதில்லை. பழுப்பேறிய மஞ்சளைக் கண்ணுக்குத் தெரியாமல் அடக்குகிறது. டோனரும் முடியை வெளுக்காது. எதிர்நிறத்தைச் சேர்த்து, வேண்டாத சாயலை அடக்கும். மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை என்பது கணக்கு. நிறத்தின்மேல் இன்னொரு நிறம் ஏறுவதால் டோனருக்குப் பின் முடி இம்மியளவு கருமையாகத்தான் தெரியும்.

நரையை மறைக்க நாம் அடிக்கும் நிரந்தர டை வேறு விதமாக வேலை செய்கிறது. அதில் பொதுவாக அமோனியா இருக்கும். அது முடியின் மேலடுக்குச் செதில்களைத் திறக்கும். உடன் கலக்கும் டெவலப்பர் பெரும்பாலும் 20 வால்யூம், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அது இயற்கை நிறத்தைக் கொஞ்சம் வெளுத்தபடியே புது நிறத்தை உள்ளே பதிக்கும். அந்த நிறம் முடி வளர்ந்து வெட்டப்படும்வரை பெருமளவு நிற்கும். டோனருக்குச் சுமார் 2 முதல் 3 சதவீத டெவலப்பரே போதும். அதன் நிறம் அலச அலசக் கரைந்து, பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் போய்விடும்.

அப்படியானால் வெளுத்த முடியில் நிரந்தர டையையே போட்டுவிடலாமே என்று தோன்றும். பிளீச் பட்ட முடியில் செதில்கள் ஏற்கெனவே திறந்து கிடக்கின்றன. டையை அது அளவுக்கு மீறி உறிஞ்சி, நினைத்ததைவிடக் கருத்து மங்கிப்போகும். வெளிர் நிறத்தை வாங்கத்தானே பிளீச் செய்தோம்! ஹைலைட்ஸ் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: பக்கத்தில் பிளீச் படாத கறுப்பு முடியில் டை பட்டால் அதுவும் லேசாக வெளுத்துச் செம்பட்டை தட்டும். போட்ட டையை இன்னொரு டையால் வெளுக்க முடியாது, மறுபடி பிளீச்தான்.

ஒரு பெண் சாம்பல் சாயலுள்ள வெளிர்பொன் ஹைலைட்ஸ் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கருமைக்கு 1, மிக வெளிர் நிறத்துக்கு 10 என்று தொழிலில் ஓர் அளவு உண்டு. அவர் கேட்ட நிறத்துக்கு முடி 9 அல்லது 10ஐத் தொட்டிருக்க வேண்டும், அதாவது வெளிர்மஞ்சள். பிளீச்சைக் கழுவியதும் முடி ஆரஞ்சாக, 7இல் நிற்கிறது. இதன்மேல் ஊதா டோனர் போட்டால் ஆரஞ்சு அப்படியே இருக்கும்; ஊதாவுக்கு எதிர்நிறம் மஞ்சள்தானே. பலரும் 'டோனர் பிடிக்கவில்லை' என்று சொல்வது இந்த இடத்தில்தான். இதற்கு இரண்டே வழி. நீலம் கலந்த, 7க்கு உரிய டோனர் போட்டால் செம்பட்டை அடங்கி நல்ல இளம்பழுப்பு கிடைக்கும். வெளிர்பொன்தான் வேண்டுமென்றால், முடி தாங்குமா என்று பார்த்து, சில வாரம் விட்டு மீண்டும் பிளீச் செய்ய வேண்டும்.

சரியான டோனரிலும் நேரம் முக்கியம். துண்டால் ஒற்றிய ஈர முடியில் பூசியதும் கலவை தலையில் கரு ஊதாவாக மாறும். அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துண்டால் துடைத்து, அடியில் தெரியும் முடியைத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் அடங்கியதும் அலசிவிடலாம். சில தலைகளுக்கு ஐந்து நிமிடமே போதும். பழைய பிளீச் பட்ட நுனிகள் அதிகம் உறிஞ்சும் என்பதால் அங்கே கடைசியில் பூசுவார்கள். நேரம் தாண்டினால் முடி சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியும். பயப்பட வேண்டாம், சில முறை ஷாம்பூ போட்டால் குறையும்.

டை ஒவ்வாமை உள்ளவர்கள் டோனரிலும் கவனமாக இருங்கள். பல டோனர்களில் அதே வகை ரசாயனங்கள்தான் இருக்கின்றன. 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் சிறிது தடவிப் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை பார்லரில் டோனர் கலக்கும் முன், கழுவிய முடியை வெளிச்சத்தில் காட்டச் சொல்லிப் பாருங்கள். அப்போது ஆரஞ்சாக இருந்தால், எந்த டோனரும் அதை வெளிர்பொன்னாக்காது.