மழைக்கு முன் கூரை

சென்ற வாரம் தோட்ட வீடொன்றின் வேலையைப் பகுதிகளாகப் பிரித்தோம். இந்த வாரம் அவற்றை நாட்களின்மேல் விரிப்போம்.

பதுளைப் பக்கம் வீடு கட்டுகிறவருக்குக் கெடு வைப்பது வானம்தான். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும்போது ஊவாவில் காய்ந்த காற்று வீசும். ஒக்டோபரில் மழை இங்கே வந்துவிடும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதிதான். அதனால் கூரைத் தகரம் எந்த நாளில் ஏறும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்செல் தாளில் A நிரலில் வேலை, B-இல் தொடக்கம், C-இல் நாட்கள், D-இல் முடிவு. F1 முதல் வலப்பக்கமாக ஒவ்வொரு நாளின் திகதி. 2025 ஜூலை 7 திங்களன்று அத்திவாரம் தொடங்குவதாக வைப்போம்: அதற்கு 12 நாள், சுவருக்கு 18, கூரைக்கு 9. வெறுமனே கூட்டினால் ஓகஸ்ட் 14இல் வேலை முடியும். ஆனால் ஞாயிறு வேலை இல்லை, போயாவிலும் இல்லை. ஜூலை 10, ஓகஸ்ட் 8 ஆகிய போயா நாட்களை B12, B13 கட்டங்களில் எழுதிவிட்டு, D2-இல் இதை இடுங்கள்:

```
=WORKDAY.INTL(B2-1,C2,11,$B$12:$B$13)
```

11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான எண். B2-இலிருந்து ஒன்றைக் கழிப்பது தொடங்கும் நாளையும் வேலைநாளாக எண்ணுவதற்கு; அதை விட்டால் ஒவ்வொரு வேலையும் ஒரு நாள் நீளும். சுவரின் தொடக்கத்தைக் கையால் எழுதாமல் B3-இல் இப்படி எழுதுங்கள்:

```
=WORKDAY.INTL(D2,1,11,$B$12:$B$13)
```

இரண்டையும் கீழே இழுத்தால் அத்திவாரம் ஜூலை 21, சுவர் ஓகஸ்ட் 12, கூரை ஓகஸ்ட் 22 என்று வரும். கூட்டிப் பார்த்த கணக்கைவிட எட்டு நாள் பிந்தி.

இனி நிறம். F2-இலிருந்து கட்டங்களைத் தெரிவுசெய்து, Conditional Formatting, New Rule வழியாகப் போய் சூத்திரம் எழுதும் வகையைத் தெரிந்தெடுத்து இதை இடுங்கள்:

```
=AND(F$1>=$B2,F$1<=$D2)
```

பலரும் தடுக்கி விழும் இடம் அந்த டொலர் குறிதான். F$1 என்பதில் வரிசை அசையாது, $B2 என்பதில் நிரல் அசையாது. குறி இடம் மாறினால் பட்டை படிக்கட்டுப்போல் சரியும், அல்லது தாள் முழுவதும் நிறமாகும். நிறமே வராவிட்டால் திகதியைப் பாருங்கள். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், பெரும்பாலும் எக்செல் அதை எழுத்தாகவே எடுத்திருக்கிறது.

இந்தத் தாள் திட்டத்தைத்தான் காட்டும், நடந்ததை அல்ல. மணல் லொறி வராமல் அத்திவாரம் இழுபட்டால் B3-இல் புதுத் திகதியைத் தட்டாதீர்கள். சூத்திரம் அழிந்து, அதற்கு மேலுள்ள வேலையோடு தொடர்பு அறுந்துவிடும். C2-இல் 12ஐ 15 ஆக்குங்கள். சுவர்ப் பட்டை ஜூலை 25க்கு நகரும், கூரை ஓகஸ்ட் 26இல் முடியும்.