25 ரூபாய்ப் பங்குக்காரரின் வழக்கு

1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1908-ல் வ.உ.சிதம்பரனார் சிறை சென்றார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட காலத்தில் அதன் இயக்குநர்கள் ஒரு கப்பலை அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தால், ஒரே ஒரு பங்கு வைத்திருந்தவர் திருநெல்வேலி நீதிமன்றத்தில் அவர்கள் மீது வழக்குப் போட்டிருக்க முடியுமா? வெறும் கவனக்குறைவால் அப்படி விற்றிருந்தால் முடியாது. அவர் போட்ட பணம் கண்ணெதிரே கரைந்தாலும் முடியாது. காரணம், 1843-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பு. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் தேர்வில் விடை எழுதிக்கொண்டிருக்கும் ‘ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில்’ வழக்கு அது.

மான்செஸ்டர் நகரத்தை ஒட்டி விக்டோரியா பூங்கா என்ற குடியிருப்பை அமைக்க 1837-ல் ஒரு கம்பெனி உருவானது. இயக்குநர்கள் தங்கள் சொந்த நிலத்தையே கூடுதல் விலைக்குக் கம்பெனியின் தலையில் கட்டினார்கள், முறையில்லாமல் சொத்தை அடமானம் வைத்தார்கள் என்று ஃபாஸ், டர்ட்டன் என்ற இரண்டு பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிபதி விக்ரம் வழக்கை ஏற்கவில்லை. குற்றச்சாட்டு பொய் என்று அவர் சொல்லவில்லை. அது உண்மையா என்ற விசாரணைக்கே அவர் போகவில்லை. நஷ்டம் யாருக்கு என்று மட்டும் கேட்டார். நஷ்டம் கம்பெனிக்கு, ஆகவே உரிய வாதியும் கம்பெனிதான். கம்பெனி வழக்குப் போட வேண்டுமா, நடந்ததை ஏற்றுக்கொண்டு மேலே போக வேண்டுமா என்பதைப் பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் பெரும்பான்மையால் முடிவு செய்யட்டும் என்றார்.

உரிய வாதி, பெரும்பான்மை ஆட்சி என்று பாடநூல்கள் இரண்டு கொள்கைகளாகப் பிரித்துச் சொல்வது இதைத்தான். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறக்கிறது. வழக்குப் போடும் உரிமை கம்பெனியுடையது; கம்பெனிக்கு வாய் கிடையாது; பொதுக்கூட்டத்தின் வாக்குதான் அதன் வாய். இந்தத் தொடர்பை எழுதாத விடை, மனப்பாடம் செய்த விடையாகவே நின்றுவிடும்.

இனி நம் பக்கத்துக் கணக்காக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். முழுக்கக் கற்பனை. அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலைக் கம்பெனி. 40 பங்குதாரர்கள். இயக்குநர்கள் கையில் 62 விழுக்காடு, முருகன் என்பவரிடம் 6 விழுக்காடு. தேர்வுத்தாள் மூன்று நிகழ்வுகளைத் தருகிறது. (அ) ஆற்றங்கரை நிலத்தை ஓர் இயக்குநரின் மனைவிக்கு 40 லட்சத்துக்கு விற்றார்கள். ஓராண்டில் அவர் அதை இரண்டரைக் கோடிக்கு விற்றார். (ஆ) இன்னொரு நிலத்தை மதிப்பு விசாரிக்காமல் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். (இ) கம்பெனியின் உள்விதிகளைத் திருத்தும் தீர்மானம் 62 விழுக்காட்டு வாக்கோடு நிறைவேறியதாக அறிவித்தார்கள். எஞ்சிய 38 விழுக்காடும் எதிர்த்து வாக்களித்திருந்தது. முருகன் என்ன செய்யலாம்?

பல மாணவர்கள் விதியை எழுதி, நான்கு விதிவிலக்குகளை வரிசையாக அடுக்கி, ‘ஆகவே முருகன் வழக்குத் தொடரலாம்’ என்று முடிப்பார்கள். மதிப்பெண் போவது அந்த ‘ஆகவே’யில்தான். ஒவ்வொரு நிகழ்விலும் முதலில் கேட்க வேண்டியது, விக்ரம் கேட்ட அதே கேள்வி: தீங்கு யாருக்கு?

கடைசியிலிருந்து வருவோம். உள்விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். விழுந்த வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். 62 போதாது. இங்கே பறிபோனது கம்பெனியின் சொத்து அல்ல; விதிப்படி தன் வாக்குக்கு உள்ள மதிப்பைக் காத்துக்கொள்ளும் முருகனின் உரிமை. சாதாரணப் பெரும்பான்மை இதைச் சரிக்கட்ட அனுமதித்தால் நான்கில் மூன்று என்ற விதிக்கே பொருள் இல்லாமல் போகும். இங்கிலாந்தில் 1950-ன் ‘எட்வர்ட்ஸ் எதிர் ஹாலிவெல்’ வழக்கு இதற்கு வழிகாட்டி. அது ஒரு தொழிற்சங்கம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைப் பெறாமல் சந்தாவை உயர்த்திய வழக்கு. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் ‘நாகப்ப செட்டியார் எதிர் மெட்ராஸ் ரேஸ் கிளப்’ வழக்கையும் இங்கே எழுதலாம். ஆக, முருகன் தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். இதை விதிவிலக்கு என்று எழுதுவது வழக்கம். உண்மையில் விதி இங்கே தொடவே இல்லை என்பதுதான் என் கருத்து. தீங்கு அவருக்கே என்றால் உரிய வாதியும் அவரே.

(ஆ)-வில் முருகனுக்கு வழியில்லை. நஷ்டம் பெரிது, ஆனால் அது கம்பெனியின் நஷ்டம். இயக்குநர்கள் அசட்டையாக இருந்தார்களே தவிர, தங்கள் பைக்குள் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. 1956-ன் ‘பாவ்லிடிஸ் எதிர் ஜென்சன்’ வழக்கில், சைப்ரஸ் தீவின் ஒரு கல்நார்ச் சுரங்கத்தை மிகக் குறைந்த விலைக்கு விற்றதாகப் புகார் வந்தபோதும் இதே பதில்தான் கிடைத்தது. கவனக்குறைவைப் பெரும்பான்மை மன்னிக்கலாம். கப்பல் கம்பெனியின் 25 ரூபாய்ப் பங்குக்காரருக்கு நாம் சொன்ன ‘முடியாது’ இந்த வகையைச் சேர்ந்தது.

(அ) மட்டுமே உண்மையான விதிவிலக்கு. தீங்கு கம்பெனிக்குத்தான், ஆனால் லாபம் இயக்குநரின் வீட்டுக்குப் போயிருக்கிறது, பொதுக்கூட்டத்தின் சாவியும் அதே இயக்குநர்கள் கையில் இருக்கிறது. கம்பெனியின் வாயை அடைத்து வைத்திருப்பவர்களே வழக்குக்கு ஆளாக வேண்டியவர்கள். 1978-ன் ‘டேனியல்ஸ் எதிர் டேனியல்ஸ்’ வழக்கும் ஏறத்தாழ இப்படித்தான்: கம்பெனி நிலத்தை 4,250 பவுண்டுக்கு இயக்குநர் ஒருவரே வாங்கினார், சில ஆண்டுகளில் 1,20,000 பவுண்டுக்கு விற்றார். வழக்கை நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. விக்ரமே 1843-ல், வேறு வழியே இல்லாத இடத்தில் நீதியின் தேவை நுட்ப விதிகளை மீறும் என்ற கருத்தைச் சொல்லி வைத்திருந்தார்.

இங்கே விடைத்தாளில் விட்டுப்போகும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வழக்கில் முருகன் கம்பெனிக்காகப் பேசுகிறாரே ஒழிய, தனக்காக அல்ல. அதனால் கம்பெனியையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் தீர்ப்பு அதைக் கட்டுப்படுத்தும். ஜெயித்தால் பணம் கம்பெனிக்குப் போகும், முருகன் கைக்கு வராது. தன் 6 விழுக்காட்டுக்கு உரிய தொகையை அவர் கேட்டால், அவர் வழக்கின் தன்மையையே புரிந்துகொள்ளவில்லை என்று பொருள்.

இத்தோடு நிறுத்தும் விடை 1978-லேயே நின்றுவிட்டது. நம் நாட்டில் 2013-ம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 241-வது பிரிவு வேறொரு கதவைத் திறக்கிறது. கம்பெனியின் நிர்வாகம் ஓர் உறுப்பினரை ஒடுக்குவதாகவோ கம்பெனியின் நலனைக் கெடுப்பதாகவோ இருந்தால், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை நாடலாம். தமிழ்நாட்டுக்கு உரிய அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே போக 244-வது பிரிவு ஒரு தகுதி கேட்கிறது: பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வேண்டும்; அல்லது 100 உறுப்பினர்கள், மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் என்ற இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் வேண்டும். தகுதியைத் தளர்த்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமும் உண்டு.

முருகனின் 6 விழுக்காட்டைப் பார்த்ததும் ‘தகுதியில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். கேள்வியில் 40 பங்குதாரர்கள் என்று கொடுத்திருப்பது சும்மா அல்ல. பத்தில் ஒரு பங்கு என்றால் நான்கு பேர். பங்குப் பணம் முழுவதையும் கட்டிய இன்னும் மூன்று பேர் முருகனோடு கையெழுத்திட்டால் போதும்; அவர்களிடம் ஆளுக்கு ஒரே ஒரு பங்கு இருந்தாலும் அந்த மனு செல்லும்.